அந்த அறைக்கு மட்டும் மறுதேர்வு

கேள்விப் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் பக்கங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை, முதல் கேள்விக்குத் தாவிவிடுவார்கள். நான் பார்ப்பேன். குற்றாலத்துப் பள்ளி ஒன்றில் அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போன அன்றும் பார்த்தேன். பதினேழிலிருந்து இருபத்து நான்கு வரையான பக்கங்கள் இரண்டு முறை வந்தன. அதற்கு அடுத்த எட்டுப் பக்கங்கள் இல்லவே இல்லை. கையைத் தூக்கினேன்.

என் மதினி இன்றுவரை மன்னிக்காதது அந்தக் கையைத்தான்.

மதினி என் அண்ணனின் மனைவி. எனக்கு இரண்டு வரிசை முன்னால், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரே வீட்டிலிருந்து போன இரண்டு பெண்களுக்கும் ஒரே அறை விழும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை, விரும்பவும் இல்லை. அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. வயது வரம்பு அந்த அறிவிப்போடு முடிகிறது. எனக்கு இன்னும் சில ஆண்டுகள் மிச்சம். நான் டிப்ளமோ முடித்துவிட்டு தென்காசியில் ஒரு பொறியாளரிடம் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதுவும் இல்லை. அண்ணன் லாரியில் புளியறை தாண்டிக் கேரளா போனால் மூன்று நாள் கழித்துத்தான் வருவான். அதுவரை தேர்வுக்குப் படிக்க இருந்த ஒரே செட் புத்தகத்துக்காக நானும் அவளும் முறைத்துக்கொண்டு இருப்போம்.

அறைக் கண்காணிப்பாளர் உபரியாக வைத்திருந்த புத்தகங்களைப் பிரித்தார். அவையும் அதே கட்டோடு வந்தவை, அதே கோளாறு. அதற்குள் என்னைப் பார்த்து மற்றவர்களும் புரட்டத் தொடங்கினார்கள். ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றார்கள். மதினியின் புத்தகம் நன்றாக இருந்தது. அவள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

முதன்மைக் கண்காணிப்பாளர் வந்து, வேறு அறைகளிலிருந்து புத்தகம் கொண்டுவந்து கொடுப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. அதன் பிறகு அடுக்கடுக்காகத் தவறு நடந்தது. விடைத்தாளில் பழைய புத்தகத்தின் எண்ணை ஏற்கெனவே கறுப்பு மையால் நிரப்பியவர்கள், அதன் மேலேயே புதிய எண்ணை நிரப்பினார்கள். அப்படி நிரப்பினால் இயந்திரம் எதையும் படிக்காது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். முடித்துவிட்டவர்களை வெளியே விடாமல் உள்ளேயே உட்கார வைத்தார்கள். முடித்தவர்களும் எழுதுகிறவர்களும் ஒரே அறையில் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. பின்வரிசையிலிருந்து விடைகள் காற்றில் வந்தன.

வெளியே வந்ததும் மதினி சொன்னாள்: “ஒனக்கு ஒண்ணுன்னா ஊரக் கூட்டிருவியே. பேசாம இருந்து எழுதத் தெரியாதா?”

“எட்டுப் பக்கம் இல்ல மதினி. என்னத்த எழுத?”

“உள்ளத எழுதணும்.”

அருவிக்கு வந்த கூட்டத்தால் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஈரத் துண்டும் எண்ணெய் வாசனையுமாக நெருக்கியடித்து வந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது.

சில நாட்களில் தேர்வு நடத்திய வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டது. மதினி வீட்டுக்கு எடுத்து வந்திருந்த கேள்விப் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தாள். எவ்வளவு வருகிறது என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை கேசரி கிண்டினாள். அம்மாவுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

அடுத்து வந்தது மறுதேர்வு அறிவிப்பு. இணையதளத்தில் போட்டார்கள், பதிவு செய்த கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் செய்தி அனுப்பினார்கள். தபால் கிடையாது. எனக்கு வந்தது. அதில் இருந்தவற்றை வரிசையாகவே சொல்லிவிடலாம். அந்த அறையில் எழுதிய எல்லோருக்கும் மறுதேர்வு, புத்தகம் நன்றாக இருந்தவர்களுக்கும்தான். முதல் விடைத்தாள் திருத்தப்படாது. மறுதேர்வுக்கு வராதவர், தேர்வுக்கே வராதவராகக் கருதப்படுவார். புதிய நுழைவுச்சீட்டைப் பதிவிறக்க வேண்டும், பழையது செல்லாது. மறுதேர்வு மதிப்பெண் அப்படியே பொதுத் தரவரிசையில் சேரும்.

தேர்வர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். “குத்தாலத்துல குளிச்சிட்டு ஈரத் தலையோட வந்தவளுவளுக்கு ரெண்டாவது சான்ஸா?” என்று ஒருவர். “எட்டுப் பக்கத்த எலி தின்னுட்டாம்லே” என்று இன்னொருவர். அதற்குச் சிரிப்புப் படங்கள் போட்டவர்களில் என்னோடு படித்தவளும் ஒருத்தி.

வீட்டில் மதினி என் கைப்பேசியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் வரல. கோளாறு ஒம் பொஸ்தகத்துல. பரீட்சையும் ஒனக்குத்தான்.”

“ரூமுக்கே கேன்சல் மதினி. வெப்சைட்ல பதிவெண் வரிசை போட்டுருக்கான். ஒங்க நம்பரும் அதுக்குள்ளதான வரும்.”

“நீ கம்ப்யூட்டர் படிச்சவ. என்னத்த வேணும்னாலும் அடிச்சிக் காட்டுவ.” பிறகு மெதுவாக, தான் கண்டுபிடித்துவிட்டதுபோல் சொன்னாள்: “நா போயி ரெண்டாவது எழுதினா மொதல்ல எழுதினது செல்லாமப் போயிரும். அதான ஒனக்கு வேணும்?”

போகாவிட்டாலும் அது செல்லாது என்று சொன்னேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். அம்மா டி.வி. சத்தத்தைக் கூட்டினாள்.

செய்தி ஏன் அவளுக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை நான் போட்டுத் தருகிறேன் என்றபோது அவள் மறுத்துவிட்டாள். அவளுடைய மதிப்பெண்ணும் கடவுச்சொல்லும் என் கண்ணில் படக்கூடாது. அதனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பிரவுசிங் சென்டருக்குப் போனாள். எங்கள் ஊர்ப்பக்கம் சென்டர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பத்தின் நடுவே ஓ.டி.பி. வரும், வந்தவரின் கைப்பேசியை வாங்கி, சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்று காத்திருக்க முடியாது. ஆகவே தங்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். மின்னஞ்சலும் கடையுடையதுதான். விண்ணப்பித்தவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அதனால் என்ன என்றுதான் தோன்றும்.

மறுநாள் அலுவலகம் முடிந்ததும் அங்கே போனேன். கடைக்காரர் ஆதார் திருத்தத்துக்கு வந்தவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒங்க நம்பருக்கு மறுபரீட்சை மெசேஜ் வந்திருக்கும். எங்க மதினிக்கு.”

“ஒரு நாளைக்கு எத்தன மெசேஜ் வருதுன்னு தெரியுமா? ஒவ்வொருத்தனுக்கும் நா தாக்கல் சொல்லிட்டு இருக்கவா? வெப்சைட்ட பாத்துக்கிடணும்னு அவனே போட்டிருக்காம்லா.”

“நம்பர் ஒங்களது அண்ணாச்சி. நீங்கதான சொல்லணும்.”

“இங்கன நின்னு சத்தம் போடாத. வேல நேரம்.”

நான் சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் போடவும் வராது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, அச்சன்புதூர்க்காரி, “என்ன மறுபரீட்சை? குத்தாலத்துல எழுதினதுக்கா?” என்றாள். அவளும் அதே அறைதான். அவளும் இதே கடைதான். சத்தம் போட வேண்டியதை அவள் போட்டாள். கடைக்காரர் கைப்பேசியை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். செய்திகள் இருந்தன, ஒரே வாசகம், வேறு வேறு பதிவெண்கள். மதினியுடையதைக் காட்டச் சொன்னேன். படம் எடுத்துக்கொள்ள விடவில்லை.

“அந்தப் பிள்ளையே வரட்டும். பொறவு நாத்தனார் வந்து வாங்கிட்டுப் போயிட்டான்னு எங்கிட்ட சண்டைக்கு வருவா.”

என் மதினியை அவர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்.

வீட்டில் ஒரே வரி சொன்னேன்: “அண்ணாச்சி போன்ல ஒங்க நம்பருக்கு மெசேஜ் கெடக்கு. நா சொன்னா நம்ப மாட்டீய. நீங்களே போயிப் பாருங்க.” மறுநாள் காலையில் போனாள். திரும்பி வந்தபோது கையில் புதிய நுழைவுச்சீட்டு இருந்தது. அலமாரியிலிருந்து முதல் கேள்விப் புத்தகத்தை எடுத்து, தான் போட்டிருந்த சரிக்குறிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை என் கட்டிலில் போட்டாள்.

“இந்தா. ஒன்னால ஒண்ணுக்கும் ஆகாமப் போனது. நீயே வச்சிக்கோ.”

மறுதேர்வு ஆலங்குளத்தில். ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்படிக்கட்டில் ஏறினாள், நான் பின்படிக்கட்டில். இந்த முறையும் ஒரே அறை. அறை முழுவதுக்கும் மறுதேர்வு என்றால் வேறெப்படி இருக்கும்? கேள்விப் புத்தகம் கொடுத்ததும் அறை முழுக்கத் தாள் புரட்டும் சத்தம். மதினியும் எண்ணினாள். விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு பக்கமாக எண்ணினாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் எண்ணி முடித்திருந்தேன். இருவரும் எழுதத் தொடங்கினோம்.

தேர்வு முடிவில் மதினியின் எண் இருந்தது. என்னுடையது இல்லை.

எனக்கு இரண்டு கேள்வி குறைந்தது. முதல் தேர்வின் தாளில் இரண்டு கேள்விகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் பொருந்தவில்லை. அதனால் அதை எழுதிய மற்ற அறைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த மதிப்பெண்ணை அப்படியே கொடுத்திருந்தார்கள். மறுதேர்வுக்குத் தாளும் வேறு, விடைக்குறிப்பும் வேறு. அதில் பிழையான கேள்வி எதுவும் இல்லை. ஆகவே சும்மா வந்த மதிப்பெண்ணும் இல்லை. விதிப்படி சரி. இதில் யாரிடம் மனு கொடுக்கலாம் என்று தேடிப் பார்த்தேன். விடைக்குறிப்புக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் நாள் முடிந்திருந்தது. அப்படியே இருந்தாலும், எங்கள் தாளில் பிழை இல்லை என்று ஆட்சேபிக்க முடியாது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதினார்கள்: “எலி தின்ன பார்ட்டி என்னாச்சி?” குழுவிலிருந்து வெளியேறினேன்.

அடுத்த சிக்கல் சான்றிதழ் சரிபார்ப்பு. அதற்கான அழைப்பும் பதிவு செய்த எண்ணுக்குத்தான் வரும். எண்ணை மாற்ற வேண்டும் என்று மதினி அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். எண்ணை மாற்றுவதற்கான ஓ.டி.பி.யும் பழைய எண்ணுக்கே வரும் என்று நான் அம்மா மூலமாகப் பதில் அனுப்பினேன். கடைசியில் இரண்டு பேரும் சென்டருக்குப் போய் நின்றோம்.

“அன்னைக்கு இவ தனியா வந்தா, இன்னைக்கு நாத்தனாரும் மதினியும் சேந்து வாரீய” என்றார் கடைக்காரர். “என்ன, வேல கெடைச்சா சமாதானமா?”

“நம்பரச் சொல்லுங்க அண்ணாச்சி, நாயம் பேசாதீய” என்றாள் மதினி.

அவர் தன் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யை வாசித்தார். நான் அடித்தேன். புதிய எண்ணுக்கான கட்டத்தில் மதினியே என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் எண்ணைப் போட்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான எண் அது.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் நிலையத்துக் கூரைக்குக் கீழே வந்ததும் சொன்னாள்:

“எனக்கு மொதப் பரீட்சையிலயே வந்திருக்கும். ஒன்னாலதான் ரெண்டு தடவ எழுதினேன்.”

“எனக்கு எட்டுப் பக்கம் இல்ல மதினி.”

“அது ஒம்பாடு” என்றாள். “அத ஒன்னோட வச்சிக்கிட்டு இருந்திருக்கணும்.”

பஸ் வந்தது. அவள் முன்படிக்கட்டில் ஏறினாள்.