ரம்பப் பல்லில் நடந்த போலீஸ்காரர்

என் வீட்டுக்காரருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது, சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் பந்தியில் உட்காருவதை விட்டுவிட்டார். எனக்குப் பொறுக்காதது அதுதான். ரசம் சாதம் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கிடக்கும், நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் விசேஷம் என்றாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும். நானும் மகளும் மட்டும் போய் வருவோம். "அவர் வரலியா" என்று கேட்டவர்களுக்குப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குத் தேய்ந்துபோனது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், மஸ்கட்டில் வேலை பார்த்த என் அண்ணன் நீண்ட லீவில் பூந்தமல்லிக்கு வந்தான். லீவு முடிவதற்குள் தன் பெண்ணுக்குக் காதுகுத்து வைப்பதாக ஏற்பாடு. மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து அழைத்தான்.

"மாப்ளே, மொத பந்தில என் பக்கத்துல நீதான் குந்தணும்."

"பாக்கலாம் மச்சான்" என்றார் இவர். அவர் பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம்.

அண்ணன் மஸ்கட்டிலிருந்து சினிமா மாதிரி படம் பிடிக்கிற ஒரு சின்ன ஃபிலிம் கேமரா கொண்டுவந்திருந்தான். உபயோகித்தது போக ஒரே ஒரு ரோல் மிச்சம். ஓடவிட்டால் மூன்று நிமிஷத்துக்கு வரும். அதில் இன்னொரு வித்தையும் இருந்தது. ஒரு மெல்லிய கேபிளைக் கேமராவில் திருகி, அதன் மறுமுனையை அழுத்தினால் ஒரே ஒரு படம் மட்டும் பதியும். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டே போனால், ஓட்டும்போது பொம்மை தானாக நடக்கும். அண்ணன் சொன்னதை எல்லோரும் காதில் வாங்கிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் மட்டும் கேமராவின் அடியிலிருந்த திருகு ஓட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் இஞ்ச் போல்ட்டு" என்றார். "மச்சான், இத்த இங்கயே வுட்டுட்டுப் போ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சுவரில் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டார். நான் கத்தினேன். யார் கேட்டது. இரும்பு ஆங்கிளைச் சுவரில் முடுக்கி, அதில் போல்ட்டு போட்டுக் கேமராவை உட்காரவைத்தார். ஒருவர் ஏறித் தொங்கினாலும் அசையாது. எதிரே சாப்பாட்டு மேஜை, அதன் நாலு காலுக்கும் செங்கல் அணைப்பு. ஜன்னலில் என் நல்ல கம்பளி. வெயில் ஏறி இறங்கினால் படத்தில் வெளிச்சம் துடிக்குமாம். இரண்டு டேபிள் லேம்ப். நேராக அடிக்கிற லேம்புக்கு முன்னால், வெளிச்சம் மெத்தென்று விழ, பட்டர் பேப்பர்; பக்கவாட்டில் நிற்பது வெறும் பல்பு. சாயங்காலம் ஊரே டிவி போட்டால் வோல்டேஜ் இறங்கும் என்று ஞாயிறு காலையில் மட்டும்தான் வேலை. கேமராவில் வெளிச்ச அளவையும் மாறாதபடி பூட்டி வைத்துவிட்டார். ஃபேன் போடக் கூடாது, காற்றில் அட்டை ஆடும். நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் வெந்தோம்.

கதை எங்கள் மகள் சொன்னது. அவளுக்கு அப்போது எட்டு வயது. அவளுடைய பிளாஸ்டிக் போலீஸ்காரர் ரோட்டோரமாக நடந்து வந்து கையைத் தூக்குவார், தீப்பெட்டி பஸ் நிற்கும், ரப்பர் வாத்து ரோட்டைக் கடக்கும். அவ்வளவுதான்.

ஃபிலிமைப் போடாமல் ஒத்திகை பார்த்தபோதுதான் தொல்லை தெரிந்தது. நகர்த்துகிற அளவு ஒரே மாதிரி இருந்தால்தான் நடை நடையாக இருக்கும். இவர் கையோ ஒரு தடவை கடுகளவு தள்ளும், அடுத்த தடவை கட்டைவிரலளவு தள்ளிவிடும். அப்படியே எடுத்தால் போலீஸ்காரர் குடித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

"நா நவுத்துறேன், நீங்க கேபிள அமுக்குங்க" என்றேன்.

"நீ போயி குழம்பப் பாருமே" என்றார். நான் போய்விட்டேன். அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறு ஞாயிறு ஒரு இரும்பறுக்கும் ரம்ப பிளேடை எடுத்து வந்தார். பல் மேலே பார்க்க, அதைப் பொம்மை நடக்கும் பாதை நெடுக மேஜையில் பதித்தார். கேமராவுக்குத் தெரியாதபடி முன்னால் ஓர் அட்டை நடைபாதை. பொம்மையின் பாதத்தில் மடக்கிய தகரத் துண்டு ஒன்று. இப்போது பொம்மையைத் தள்ளினால் தகரம் 'டிக், டிக்' என்று இரண்டு பல் தாண்டி உட்காரும். கை எவ்வளவு ஆடினாலும் சரி, விட்டுவிட்டால் பொம்மை நிற்பது பல்லுக்குள்தான். ரம்பத்தின் பல் எல்லாம் ஒரே இடைவெளி. கையை எடுத்துவிட்டுக் கேபிளை அழுத்துவார். கேபிள் தொளதொளவென்று தொங்குவதால் இவர் நடுக்கம் கேமராவரை போகவில்லை.

கையைத் தூக்கும் இடத்துக்கு ரம்பம் உதவாது. அதை விரலால்தான் செய்ய வேண்டும். தோளைத் தொடுவார், நடுங்கும், காத்திருப்பார், மயிரிழை தூக்குவார். ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆனது. எனக்குப் பொறுமை போய், "இந்தக் கை ஏறுறதுக்குள்ள வாத்து முட்ட போட்டுடும்" என்றேன். அவர் சிரித்தார், இடது கை துள்ளியது, அதிலிருந்த கேபிள் அழுந்திவிட்டது. 'க்ளிக்.' பொம்மையின் தோளில் அவர் கை இருக்கும்போதே.

"பூட்ச்சி" என்றார். பதிந்ததை அழிக்க முடியாது, வேறு ரோலும் இல்லை. அப்படியே மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் வேலை நடக்கவில்லை. ஒரு வாரம் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. மகள்தான், "நைனா, வாத்து ரோட்டோரமாவே நின்னுக்கினு கீது" என்று நச்சரித்து மறுபடி உள்ளே இழுத்தாள்.

ரோலை பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வர வாரக்கணக்கில் ஆனது. காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் புரொஜெக்டரோடு வந்தான். வேட்டியைச் சுவரில் கட்டி ஓட்டினோம். போலீஸ்காரர் நடந்தார். தடுமாற்றமே இல்லாமல், பரேடில் நடப்பதுபோல். மணிக்கணக்கில் நாங்கள் வெந்ததெல்லாம் போய், சில விநாடி நடையாக மட்டும் மிஞ்சியிருந்தது. பொம்மையின் கை எழும்பும்போது திரையில் என்னவோ பளிச்சென்று வந்து மறைந்தது.

"இன்னா மாப்ளே அது?" என்றான் அண்ணன்.

"என் கை" என்றார் இவர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"அந்த ஒரு கட்டத்த வெட்டி ஒட்டிக் குடுத்துர்றேன், வுடு."

அண்ணன் ஃபிலிமைப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் தேடிக் கண்டுபிடித்து, "இதான்" என்று இவரிடம் கொடுத்தான். இவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"இங்க வாமே."

போய்ப் பார்த்தேன். அரிசியளவு கட்டத்துக்குள் போலீஸ்காரரின் தோளைப் பிடித்தபடி அவருடைய வலது கை. விபத்துக்கு அப்புறம் நான் அந்தக் கையைச் சும்மா நிற்கும்போது பார்த்ததே இல்லை. தூக்கத்தில்தான் அடங்கும், அதுவும் போர்வைக்குள் இருக்கும். இதில் ஒவ்வொரு விரலும் தெளிவாக, லேத் ஓட்டிய நாளில் இருந்ததுபோலவே நின்றுகொண்டிருந்தது.

"ஆடலியேமே" என்றார்.

"ஆடல" என்றேன்.

"வெட்ட வாணாம் மச்சான்" என்றார்.

மறுநாள் பூந்தமல்லியில் முதல் பந்தியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். ரசம் பாதி சட்டையில்தான் சிந்தியது. எதிர் வரிசையில் இரண்டு பேர் பார்க்கவும் செய்தார்கள். பாயசம் வரும்வரை அவர் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.