சத்தமில்லாமல் ஆடிய பேய் விளையாட்டு

பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரே ஓர் எதிரிதான். அவள் என் அத்தை மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். எங்கள் தங்கச்சுரங்க ஊரில் நாங்கள் ஆண்டர்சன்பேட்டை, அவர்கள் பாலகாட். அவளுக்கு நீளமான முடி, அச்சடித்தது போன்ற கையெழுத்து. இவற்றையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள்தான் நான். சித்தப்பாவின் வீடியோ விஷயத்தில்தான் தாங்க முடியாமல் போயிற்று.

சித்தப்பா பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே, செல்போன் விளையாட்டுகளை அலசும் ஒரு தமிழ் சேனலும் நடத்தினார். பார்ப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள். ஒருமுறை எங்கள் இருவருக்கும் ஒரே பேய் விளையாட்டை ஏற்றிக் கொடுத்து, "ஆடிட்டு ஆளுக்கொண்ணு எழுதுங்க. எது நல்லா இருக்குதோ அத பேர் சொல்லி வீடியோவுல படிக்கிறேன்" என்றார். படிக்கப்போவது என் பெயரைத்தான் என்று மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பாழடைந்த பெண்கள் விடுதியில் மாட்டிக்கொண்ட ஒருத்தி, டார்ச்சும் கையுமாகத் தப்பிக்க வேண்டும். செத்துப்போன வார்டனம்மா மாடி மாடியாகத் தேடி வருவாள். அவ்வளவுதான் கதை. நான் இரண்டே நாளில் முடித்தேன். செத்தால் மறுபடி ஓடினேன். எங்கேயும் பயம் வரவில்லை.

எங்கள் வீட்டில் எதற்குமே சத்தம் வைப்பதில்லை. அப்பா விடிவதற்கு முன்பே பெங்களூர் ரயிலைப் பிடிப்பவர், திரும்பி வந்து எட்டு மணிக்கே படுத்துவிடுவார். இரண்டே அறை உள்ள வீடு. அதனால் டிவியைக்கூட வாயசைவு பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தோம். பேயையும் நான் அப்படியேதான் பார்த்தேன். 'பேய்க்குத் தலைமுடி சரியில்லை, சுத்த வேஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்.

அத்தை மகள் ஐந்து நாள் ஆடியும் முடிக்கவில்லை. ஆனால் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். சித்தப்பா அதைத்தான் படித்தார்.

'இதில் பயமே பேயைப் பார்ப்பதில் இல்லை' என்று தொடங்கியது. 'பின்னணியில் சில்வண்டு கத்திக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிடுகிறோம். வார்டனம்மா நம் மாடிக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. சத்தம் வரும்போது அல்ல, நிற்கும்போதுதான் உடம்பு நடுங்குகிறது. பிறகு செருப்புச் சத்தம் இடது காதிலிருந்து வலது காதுக்குப் போகிறது. ஆள் தெரிவதில்லை.

முதல் இரண்டு முறை கதவு படார் என்று சாத்திக்கொள்ளும், யாரும் வரமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு கதவுக்கும் காத்திருக்கிறோம். விளக்கு எரியும் அறைக்குள் அவள் நுழைய மாட்டாள். அங்கே மூச்சு விடலாம். அந்த அறை இல்லாவிட்டால் பயமே பழகிப்போயிருக்கும். ஆனால் அடுத்த விளக்கு அறை ஒவ்வொரு முறையும் இன்னும் தூரத்தில் இருக்கிறது.

பேட்டரி மூன்றுதான். கடைசி ஒன்று மிஞ்சும்போது, இருட்டிலும் டார்ச்சை எரிக்காமல் நடக்கிறோம். இல்லாதபோது வரும் பயத்தைவிட, ஒன்றே ஒன்று இருக்கும்போது வரும் பயம் பெரிது. மூன்றாம் மாடியில் நிறைய பேட்டரி கொடுத்துவிட்டார்கள். அங்கே எனக்குப் பயம் போய்விட்டது. அது இந்த விளையாட்டின் குறை.'

சித்தப்பா படித்துவிட்டு, "இவ காது காதுப்பா" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வகுப்புக்கு எந்த முகத்தோடு போவது? எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பாலகாட்டுக்கு நடந்தேன்.

சுரங்கத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து தூசி பறக்கும் காற்றுக்காலம் அது. அவர்கள் வீட்டில் ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகியிருந்தார்கள். இளைப்பு நோய்க்காரியான அத்தை, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு விசிலடித்தது. பக்கத்தில் அத்தை மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, எத பாத்து எழுதன?" என்றேன்.

"எதையும் பாக்கல. மெதுவா பேசு."

"பொய் சொல்லாத. உனக்கு எப்டி தெரியும் அதெல்லாம்?"

அவள் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த இன்ஹேலரை எடுத்துத் திருப்பி, முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

"இன்னும் ஆறு தபாதான் அடிக்கலாம். அப்பா நாளைக்குத்தான் புதுசு வாங்கியாருவாரு" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

நான் கேட்டதற்கு அது பதிலா? கோபத்தில் மறுபடி வாயைத் திறந்தேன். அப்போது அத்தையின் மூச்சுச் சத்தம் நின்றது. அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பேனா உருண்டு கீழே விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துத் தன் அம்மாவின் பக்கம் காதைக் கொடுத்தபடி அசையாமல் இருந்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. விசில் மறுபடி கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "வீடியோவுல பேர் வந்ததும் அவளுக்கு திமிர் ஏறிப்போச்சும்மா, என்னைப் பேசவே விடல" என்று சொல்லி அழுதேன்.