திருப்புளி நுழையாத கதவு

தையல்காரியின் கடையில் திருட்டுப் போன காலையில், கதவில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டு பூட்டியபடியே கொண்டியோடு தொங்கியது. கொண்டியைப் பிடித்திருந்த ஸ்க்ரூ நான்கும் கழற்றப்பட்டு, படியில் வரிசையாக நின்றன. உள்ளே இரண்டு மிஷினில் புதியது போயிருந்தது. தூக்க முடியாத கனம் என்பதால் பழையது தப்பியது. இனி அவள் சோறு அந்த ஒன்றில்தான்.

ஸ்க்ரூவைக் கழற்றினால் வரிசையாக வைப்பது யார் பழக்கம் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கொண்டியை மாட்டிக் கொடுத்ததே அவள் தம்பிதான். ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தச்சரைக் கூப்பிட்டாள். தெருவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். அளவெடுக்கவே அரை நாள் ஆக்குவார்.

“உடைக்கலம்மா, கழட்டியிருக்கான். ஸ்க்ரூ தலை எல்லாம் வெளியே தெரியற மாதிரி மாட்டினா, வாங்கன்னு கூப்பிடற மாதிரிதான்.”

அவர் கதவை ஊடுருவத் துளைத்தார். வெளிப்பக்கம் தொடங்கி, துரப்பண முனை உள்ளே எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மீதியை உள்ளிருந்து துளைத்தார். இல்லாவிட்டால் மரம் சிலும்பிவிடுமாம். வழவழப்பான உருண்டைத் தலை போல்ட்டுகளை வெளியிலிருந்து அடித்து இறக்கினார். தலைக்குக் கீழிருந்த சதுரக் கழுத்து மரத்தைக் கவ்விக்கொண்டது. உள்ளே அகல வாஷர், மேலே நட்டு. இறுக்கியபின் நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து, நுனியைச் சுத்தியால் நசுக்கினார்.

“கதவோட நிறுத்தினா பிரயோஜனமில்லை. வளையத்தைப் பிடுங்கினா பூட்டும் கூடவே வரும்” என்று, நிலைக்கட்டையில் இருந்த வளையத்துக்கும் நீள போல்ட்டு போட்டார். கம்பி நுழைய இடமில்லாதபடி வளையத்தை நிறைத்து நிற்கும் தடித்த பூட்டையும் தேர்ந்து கொடுத்தார்.

“உள்ளேயும் ஒரு தாழ்ப்பாள் வேணும்ண்ணே.”

“எதுக்கு? பகல்லதானே உள்ள இருப்பீங்க?”

“வேணும்.”

அவர் தாழ்ப்பாளையும் அதே மாதிரி போல்ட்டு போட்டு மாட்டினார். அதன் கம்பி நிலைக்கட்டைத் துளைக்குள் கச்சிதமாக இறங்கியது.

மறுநாள் மத்தியானம் தம்பி வந்தான். அவள் உள்ளே நின்றாள். அவன் வாசலிலேயே நின்று, கொண்டியின் மேல் கட்டைவிரலை ஓட்டினான். ஒவ்வொரு உருண்டைத் தலையையும் தடவினான். திருப்புளிக்குப் பள்ளம் எங்கே என்று விரல் தானாகத் தேடியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“யாருக்குக்கா இவ்வளவு பந்தோபஸ்து?”

“உனக்குத்தான்டா.”

அவன் கோபப்பட மாட்டானா, சண்டை போட மாட்டானா, ‘நானாக்கா?’ என்று கத்த மாட்டானா என்று அவள் ஏங்கினாள். அவன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பியாக்கா?”

“குடுத்திருப்பேன்.”

அவன் தலை குனிந்தபடி தெருவில் இறங்கினான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். பிறகுதான் அழுதாள்.