நாவல்பழ நிறம்

செண்பகம் அக்காவின் தலைமுடியை நான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அதற்கு முன் பல வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறோம். வண்டிகளுக்குப் போகிற வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற கம்பெனி எங்களுடையது. உள்ளே போனால் தலையில் தொப்பி, உடம்பில் சந்தனக் கலர் கோட்டு. யாருக்கு நரைத்தது, யாருக்குக் கொட்டியது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் அக்கா வழக்கம்போல டை அடித்தாள். எப்போதும் அடிக்கிற அதே டைதான். மறுநாள் காலையில் இமை இரண்டும் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மூச்சு இழுத்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது அது அக்காவின் முகமே இல்லை. ஐயோ இயேசுவே என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் அழுத்தந்திருத்தமாகச் சொன்னார்: இனி டை பக்கமே போகக்கூடாது, அமோனியா இல்லை என்று போட்டிருந்தாலும் நம்பக்கூடாது, கறுப்பு மருதாணி என்று விற்கிற பொடியிலும் பெரும்பாலும் இதே மருந்துதான், அடுத்த தடவை உயிருக்கே ஆபத்து.

அப்படித்தான் முடி வெளுத்தது. மற்றவர்களுக்கு வருகிற கலப்பு நரை இல்லை. வேரிலிருந்து பளபளவென்று வெள்ளி. அக்கா அதைக் கம்பெனி பஸ்ஸில் துப்பட்டாவால் மூடினாள், கம்பெனியில் தொப்பியால் மூடினாள். வீட்டுக்காரர் லோகு அண்ணன் மட்டும் ஞாயிறு தவறாமல் தலைக்கும் மீசைக்கும் டை அடித்துக்கொண்டு சாலையில் நடப்பார். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

மகள் ஸ்நேகாவுக்கு வேப்பம்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மீஞ்சூரில் ஒரு சின்ன ஹாலில் நிச்சயதார்த்தம். அக்கா சந்தனக் கலர் பட்டு எடுத்திருந்தாள், தங்கச் சரிகை போட்டது. எங்கள் பக்கத்தில் தலை வெளுத்தால் சந்தனம், சாம்பல், இல்லாவிட்டால் வெளிறிய ரோஸ். வயசுக்கேத்த கலர் என்பார்கள். யார் இந்தச் சட்டத்தைப் போட்டது என்று நானும் கேட்டதில்லை. என் வீட்டு பீரோவிலும் அதே கதைதான்.

தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை வேப்பம்பட்டுக்காரி. குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போகும். அக்கா தட்டைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அந்த அம்மா தோளைத் தொட்டு நகர்த்தினாள்.

"ஆயா, நீ கொஞ்சம் அப்பால குந்து. பொண்ணோட அம்மா வந்து தட்ட எடுக்கட்டும்."

அது போதாதென்று மாப்பிள்ளையின் மாமா ஒருவர் லோகு அண்ணனிடம் மரியாதையாகக் கேட்டார், "உங்க அம்மாங்களா?"

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். நான்தான் கத்தினேன், "இவங்கதாங்க பொண்ணோட அம்மா!" அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள், நாலு பேர் மன்னிப்புக் கேட்டார்கள், தட்டும் மாறியது. ஆனால் அக்கா அந்த அத்தையைப் பார்க்கவே இல்லை. ஸ்நேகாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண், இது எங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லாமல், குனிந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து மீன் குழம்பு கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பழைய துண்டு. மடியில் கிண்ணம், கிண்ணத்தில் கறுப்பாகக் குழைத்த மாவு. கையில் பிரஷ்.

குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று இன்றுவரை தெரியாது.

"இன்னாக்கா பண்ற? சாவப் போறியா?"

"ஸ்நேகா வாங்கியாந்தா. அமோனியா இல்லியாம். ஒரே ஒரு நாளைக்கும்மான்னு அழுதா."

"டாக்டர் சொன்னது மறந்துட்சா?"

"மறக்கல ஜெபா." அக்கா நிதானமாகப் பேசினாள். அந்த நிதானம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "அன்னிக்கு என் பொண்ணு வாயத் தொறக்கல. அவளுக்கு நான் அம்மாவாத் தெரியணும்னா வேற வழி இல்ல. மேடைல அவ பக்கத்துல நின்னா போதும். அப்பால இன்னா ஆனா இன்னா?"

கிண்ணத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். ஸ்நேகா சத்தம் கேட்டு வந்தாள். அவளையும் விடவில்லை, வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். அவள் அழுதாள். ஆனால் வழி சொல் என்று அக்கா கேட்டபோது என்னிடம் வழி இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த வாரமே அக்காவை லைன் லீடர் ஆக்கினார்கள். எங்கள் கம்பெனியில் லைன் லீடருக்குச் சந்தனக் கோட்டு கிடையாது, கருநீலம். ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றுகிற அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். புதுக் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அக்கா, புழுக்கம் தாங்காமல், தொப்பியை உருவினாள்.

மோனிகா என்கிற சின்னப் பெண் "அம்மாடி!" என்று கத்தியேவிட்டது. எனக்குப் புல்லரித்தது. அதே முடி, அதே முகம். நேற்றுவரை சந்தனக் கோட்டில் காய்ச்சல் கண்டவள்போல் இருந்த அக்கா, பெரிய ஆபீசிலிருந்து வந்த அதிகாரிபோல் நின்றாள். வெள்ளி தனியாக எடுத்துக் காட்டியது. கன்னத்தில் ரத்தம் ஓடியது.

"இன்னாடி எல்லாரும் பேயைப் பாத்தாப்பல பாக்கறீங்க?" என்றாள் அக்கா.

நான் என் சந்தனக் கோட்டை அவள் கழுத்துக்குக் கீழே பிடித்தேன். முகம் அணைந்தது, முடி பழைய வெள்ளை வேட்டியாக மஞ்சளித்தது. எடுத்தேன். திரும்ப வந்தது. மறுபடி பிடித்தேன். "ஐயோ, முடி ஒண்ணும் பண்லக்கா! இத்தினி நாளா துணிதான் உன்ன ஆயாவாக்கிக்கினு இருந்திருக்குது!"

அன்று சாயங்காலமே மீஞ்சூர் பஜாரில் அப்துல் கனி பாய் கடை. ஸ்நேகாவையும் இழுத்துக்கொண்டு போனேன். பாய் பழக்க தோஷத்தில் முதலில் எடுத்துப் போட்டது சந்தனம்தான். "அத்த மொதல்ல உள்ள வைங்க பாய்" என்றேன். பாவம், மனிதர் பயந்துவிட்டார்.

கடைக்குள் மஞ்சள் விளக்கு. அதில் எல்லா நிறமும் பொய் சொன்னது. அதனால் ஒவ்வொன்றாக வாசலுக்கு, வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அக்காவின் தோளில் போட்டோம். கடுகு மஞ்சள் போட்டதும் முடி அழுக்காகத் தெரிந்தது. சாம்பல் போட்டால் முடி எது சேலை எது என்று புரியாமல் முகம் காணாமல் போனது. வெளிறிய ரோஸில் நோயாளி. கரும்பச்சை போட்டதும் பாயே "ஆகா" என்றார். மயில் நீலமும் நன்றாக இருந்தது. அழுத்தமான, குளிர்ச்சியான நிறம் எதைப் போட்டாலும் முடி பளிச்சென்று எழுந்தது, வெளிறியது எதைப் போட்டாலும் படுத்தது.

கருநீலத்தையே எடுத்துவிடலாம் என்றேன். லோகு அண்ணன் போனில் குதித்தார். "கல்யாணத்துல பொண்ணோட அம்மா கருப்பாட்டம் கட்டிக்கினு நின்னா ஊரே பேசும். பேஜாரு வேணாம்." அது நியாயம்தான். கருநீலம் ராத்திரி விளக்கில் கறுப்பாகத்தான் தெரியும்.

அப்போதுதான் ஸ்நேகா, அதுவரை மூலையில் நின்றவள், அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். நாவல்பழ நிறம். அதில் இரண்டு இருந்தன, ஒன்றுக்குத் தங்கச் சரிகை, ஒன்றுக்கு வெள்ளிச் சரிகை. தங்கம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் முடியோடு ஒட்டவில்லை. வெள்ளிச் சரிகையைத் தோளில் போட்டதும் கரையும் கூந்தலும் ஒரே தறியில் நெய்ததுபோல் ஆனது. தெரிந்தே சேர்த்து வாங்கியதுபோல். ஸ்நேகா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட்டும் அதே நிறத்தில்தான் வேண்டும், முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்று மட்டும் பாயிடம் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பழைய டை ஒட்டிக்கொண்டிருந்த செம்பட்டை நுனியை வெட்டிவிட்டேன். காலையில் இழுத்து வாரி, கழுத்தோடு கொண்டை போட்டு, மல்லிகை வைத்தேன். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அக்கா கண்ணாடியைப் பார்த்து, "ரொம்ப ஓவரா இருக்கா ஜெபா?" என்று கேட்டாள். முகூர்த்தத்துக்கு அல்ல, அந்த அத்தைக்குத்தான் பயந்தாள். எனக்கும் பயம்தான். சொல்லவில்லை.

மேடையில் லோகு அண்ணன் சந்தனக் கலர் சட்டையில், தார் பூசிய மீசையோடு நின்றார். அக்கா வந்து பக்கத்தில் நின்றதும் மனிதர் திடுக்கிட்டுப் போனார். "செண்பகம், நானும் டைய விட்டுடட்டா?" என்று காதில் கேட்டார்.

"மொதல்ல இந்தச் சட்டைய வுடுங்க" என்றாள் அக்கா.

தாலி கட்டி முடிந்தது. அத்தை தட்டோடு மேடை ஏறினாள். அக்காவைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். மேலும் கீழும் பார்த்தாள். இந்தத் தடவை அவள் வாயைத் திறந்தால் நான் சும்மா இருக்கப்போவதில்லை என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

"இன்னா சம்பந்தி, எந்தப் பார்லர்ல இந்தக் கலரு அடிச்சீங்க? சில்வரு! சேலைக்கே மேட்ச் பண்ணிக்கினு வந்துருக்கீங்க. எவ்ளோ வாங்கினான்?"

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மாலையும் கழுத்துமாக இருந்த ஸ்நேகா எழுந்துவிட்டாள். மணமேடையில் நடுவில் எழக்கூடாது என்று ஐயர் கையை நீட்டினார். அவள் கேட்கவில்லை.

"பார்லரும் இல்ல, டையும் இல்ல அத்தே. அது எங்கம்மாவோட முடி." அதோடு நிறுத்தவில்லை. "இது எங்கம்மா. அன்னிக்கே நான் சொல்லிருக்கணும்."

அத்தை தட்டைப் பிடித்தபடியே நின்றாள். அக்கா மகளைப் பார்த்தாள், அன்று நிச்சயதார்த்தத்தில் பார்த்த மாதிரியே. இந்தத் தடவை அந்தப் பெண் குனியவில்லை.

"குந்துடி, மாலை கசங்குது" என்றாள் அக்கா.