இரண்டு பக்கமும் ஒரே தூரம்

மழை விட்ட மறுநாள் சர்வே கருவியின் முக்காலிக் கால்களில் அப்பிய கரிசலைச் சுரண்டுவது மாணவர்களின் வேலை. ஆனாலும் தங்கச்சாமிதான் சுரண்டுவார். கருவி அறை வாசலில் குத்தவைத்து, வேலிக்குச்சியால் இரும்புக் கூர்களில் இருந்து சேற்றைத் தள்ளி, பழைய வேட்டித் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்து வைப்பார். "அவனுவ கையில குடுத்தா காலை முறிச்சிருவானுவ" என்பார்.

பசுவந்தனையில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் விரிவுரையாளர். சர்வே பாடத்துக்கு அவர் எழுதிய குறிப்பு ஊர் முழுக்கப் பேர்போனது. அரியர் வைத்தவர்கள் ஜெராக்ஸ் கடையில் 'தங்கச்சாமி சார் நோட்ஸ்' என்று கேட்டே வாங்குவார்கள். மட்டம் பார்க்கும் லெவல் கருவியைப் பெட்டியில் இருந்து எடுக்கும் முன் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைநோக்கியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வண்டியில் கொண்டுபோனால் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு ஓடிய கரிசலில் முக்காலியை ஊன்றக் கூடாது. பின்னால் பார்க்கும் பேக் சைட்டுக்கும் முன்னால் பார்க்கும் ஃபோர் சைட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்கும்படி கருவியை நிறுத்த வேண்டும். இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கும். பத்தொன்பது வருஷமாகச் சொல்லி எழுத வைக்கிறார்.

அந்தப் பருவத்தில் ஒழுங்காக இருந்த லெவல் ஒன்றே ஒன்று. இரண்டிரண்டு பேராக அதையும், அளவு போட்ட உயரக் கோலான ஸ்டாஃபையும் எடுத்துக்கொண்டு, கல்லூரிப் படியில் வெட்டிய குறியை நூறு மீட்டர் உயரம் என்று வைத்து, பருத்திக்காட்டு ஓரமாகப் பாலம் வரை போய்த் திரும்பி அதே படியில் கணக்கை முடிக்க வேண்டும். முடிக்கும்போது திரும்ப நூறு வர வேண்டும். அந்தத் தூரத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் குற்றமில்லை.

ஒருவருக்கும் வரவில்லை. ஒரு ஜோடிக்கு 99.952. இன்னொன்றுக்கு 99.949. "ஸ்டாஃபை சேத்துல அமுக்கிப் புடிச்சிருப்பீய. கல்லு மேல வைக்கச் சொன்னேனா இல்லையால?" என்று தங்கச்சாமி ஒவ்வொருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

கடைசியாக வந்தது கல்யாணசுந்தரியின் நோட்டு. 99.998.

அவள் வகுப்பில் மூத்தவள். கழுகுமலையில் இருந்து பஸ்ஸில் வருவாள். புருஷன் லாரி ஓட்டுகிறான். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு படிக்க வந்தவள். பையன்கள் அக்கா என்பார்கள். அவளுக்கு ஸ்டாஃப் பிடித்தவன் வெயிலுமுத்து.

தங்கச்சாமி நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"எல்லாருக்கும் அம்பது மில்லி எறங்குது. இவியளுக்கு மட்டும் ரெண்டு. எப்படி?"

"கூட்டிப் பாத்தேன் சார். பேக் சைட்டு மொத்தம் 6.415, ஃபோர் சைட்டு 6.417. சரியாத்தான் வருது" என்றாள் கல்யாணசுந்தரி.

"கூட்டல் எல்லாரு நோட்டுலயும்தான் பொருந்துது. ரீடிங்கைத் தப்பா எடுத்தாலும் கூட்டல் பொருந்தும். நான் கேக்கது ரீடிங்கை."

"அக்கா ரெண்டு பக்கமும் காலடி எண்ணித்தான் கருவிய நட்டாவ சார்" என்றான் வெயிலுமுத்து. "என்னையும் எண்ண வச்சு உசுர வாங்கிட்டாவ."

"ஏலே, உன்னைய கேக்கல." தங்கச்சாமி அவள் பக்கம் திரும்பினார். "வீட்டுல சமைக்க நேரம் பத்தலைன்னு இங்கன வந்து ரீடிங்கைச் சமைச்சிருக்க, என்னம்மா?"

வகுப்பு சிரித்தது. சிவப்பு மையில் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார். மறுபடி எடுத்து வந்தால்தான் ரெக்கார்டில் கையெழுத்து என்றார். அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. அந்தக் கையெழுத்து இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கல்யாணசுந்தரி நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவருக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ரீடிங்கைத் திருத்தி நூறாக்குகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி பிரேமலதா சொன்னாள்: "உங்க சித்தப்பா மகன் கூப்பிட்டாவ. பசுவந்தனையில கட்டுத வீட்டுப் பேஸ்மட்டத்துக்கு நீங்க குறிச்சுக் குடுத்த மட்டம் ஒரு பக்கம் சாயுதாம்."

"அவன் கொத்தனாரு சரியில்ல."

"அன்னைக்கு காலேஜு லெவல் பெட்டிய மடியில வச்சுக்கிடுதேன்னு சொன்னேன்லா. பைக் டேங்க் மேல கட்டிக்கிட்டு அந்த ரோட்டுல அடிச்சீகளே. குலுங்குன குலுக்கு எனக்கே எலும்பெல்லாம் கழண்டிருச்சு."

அவர் ரசத்தை ஊற்றச் சொன்னார்.

மறுநாள் வகுப்புத் தொடங்கும் முன்பே வெயிலுமுத்துவைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அறுபது மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்தார். நடு மத்தியில் லெவலை நிறுத்தி, முதல் முளையில் 1.385, இரண்டாவதில் 1.240 என்று எடுத்தார். வித்தியாசம் 0.145. நடுவில் நின்றால் கருவியின் பிழை இரண்டு பக்கமும் சமமாக ஏறிக் கழிந்துவிடும். ஆகவே அது உண்மையான வித்தியாசம். பிறகு லெவலை முதல் முளைக்கு அருகில், வெளிப்பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார். அருகில் 1.520. தூரத்து முளையில் 1.375 வந்திருக்க வேண்டும்.

1.399 வந்தது.

இன்னொரு முறை பார்த்தார். 1.399. மட்டம் காட்டும் குமிழி நடுவில்தான் இருந்தது. பார்வைக்கோடு அறுபது மீட்டருக்கு இருபத்துநாலு மில்லி மேலே ஏறுகிறது.

மற்றப் பையன்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கருவியைத் தூக்கி நடக்கச் சோம்பல்பட்டு, பத்து மீட்டரில் ஊன்றிவிட்டு, ஸ்டாஃப்காரனை நாற்பது மீட்டர் ஓட விட்டிருப்பார்கள். நாலு தடவையும் அப்படி. ஏறிய பார்வை ஃபோர் சைட்டை நாலு தடவையும் பெருக்கி, முடிவை ஐம்பது மில்லி இறக்கியிருக்கிறது. ஸ்டாஃப் சேற்றில் அமுங்கியிருந்தால் பேக் சைட் கூடி, கணக்கு நூறுக்கு மேலே ஏறியிருக்கும். இறங்கியிருக்காது. அதைக்கூட யோசிக்காமல்தான் அத்தனை பேரையும் திட்டினார். அவரே கருவியை நடுவில் நிறுத்திக் காலடி எண்ணி எத்தனை வருஷம் ஆயிற்றோ. பசுவந்தனையில் எண்ணவில்லை.

"அப்ப அக்கா எடுத்தது சரிதான சார்?" வெயிலுமுத்து ஸ்டாஃபை மடக்கிக்கொண்டே கேட்டான்.

"முளையப் புடுங்குல."

சாயங்காலம் கல்யாணசுந்தரியைக் கருவி அறைக்கு வரச் சொன்னார். வேறு யாரும் இல்லை. கோடு போட்ட பக்கத்தின் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ரெக்கார்டிலும் போட்டாயிற்று. மேஜை மேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"கருவியில கோளாறு இருந்திருக்கு. நீ நடுவுல நிறுத்துனதால உனக்குத் தெரியல. போய்ப் பரீட்சைய எழுது."

அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். சிவப்புக் கோடு அப்படியேதான் இருந்தது.

"கோளாறு எப்படி சார் வந்துச்சு?"

"அது... எங்கயாவது தட்டியிருக்கும்."

"பசங்களுக்கும் கோளாறாலதான சார் வரல. அவியகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவனுவளத் திரும்ப எடுக்கச் சொல்லிக்கிடலாம். வேற லெவல் இரவல் கேட்டிருக்கேன்."

அவள் ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கோபமாகத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று ஒருமுறை வாசலைப் பார்த்தாள்.

"ஸ்டாண்டுல எறங்கினா நம்ம பசங்கதான் சார் நிக்காங்க. 'அக்கா, இன்னைக்கு என்ன சமையல்'னு கேக்காங்க. நேத்து எம்மக கூட இருந்தா. அது அவளுக்கு வெளங்கல, சாம்பாருன்னு சொல்லுதா." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க அன்னைக்கு வகுப்புல வச்சுச் சொன்னீங்க. இதையும் நாளைக்கு வகுப்புல வச்சுச் சொல்லுவீங்களா சார்?"

தங்கச்சாமி லெவலை இரண்டு கையாலும் அடியில் தாங்கிப் பெட்டிக்குள் இறக்கினார். அது சரியாக உட்காரவில்லை. எடுத்துத் திருப்பி வைத்தார். மூடியை அழுத்தி ஒரு கொக்கியை மாட்டினார், இன்னொன்றை மாட்டினார். நோட்ஸ் எழுதியவரே கருவியை பைக்கில் கட்டிப் போய் உடைத்தார் என்று ஜெராக்ஸ் கடை வரை போகும். தலையைத் தூக்காமல், மாட்டிய கொக்கியையே மறுபடி கழற்றி மாட்டினார்.

அவள் நின்று பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை முழுதாகச் சாத்தாமல் வெளியே போனாள்.