ஹாலிதா சொன்ன ஓம்கள்

தேனுகா சொல்ல வந்ததைச் சொல்லாமல் கதிரையின் நுனியில் இருந்து தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தபோதே ஹாலிதாவுக்குத் தெரிந்துவிட்டது, வந்த செய்தி நல்லதல்ல என்று. உடுப்புத் தைக்கக் கொடுத்தவர்கள் அளவு பிழைத்துப்போனால் இப்படித்தான் இருப்பார்கள். முதலில் தேத்தண்ணீரைப் புகழ்வார்கள்.

"அக்கா, போன மாதம் எடுத்த பதிவு இருக்கெல்லே," என்றாள் தேனுகா. "அதை எங்கட தொகுப்பில சேர்க்க ஏலாமப் போச்சு."

ஹாலிதாவின் கால் தையல் மெசினின் மிதியில் அப்படியே நின்றது.

தேனுகா வவுனியாப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்து முடித்துவிட்டு, வன்னியில் ஆட்கள் கதைக்கும் விதத்தைப் பதிந்து ஆராய்கிறவள். கதையில் எதை எதை விட்டுவிட்டுக் கதைக்கிறோம், எதை விட ஏலாது என்பதுதான் அவள் எடுத்த விசயம். 'எனக்கு நீந்தத் தெரியும், அவளுக்கும் தெரியும்' என்கிறோம். அவளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. 'அவளுக்கும்' என்று அதோடு நிறுத்தினாலும் குறையில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நறுக்கிவிட முடியாது. எங்கே நறுக்கலாம் என்பதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது, கதைக்கிற ஆட்களிடம்தான் கேட்க வேண்டும் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். அறுபது வசனங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஹாலிதா ஓம் அல்லது இல்லை சொன்னாள். சின்ன ஒலிப்பதிவுக் கருவி மேசையில் சிவப்பு வெளிச்சத்தோடு கிடந்தது.

அன்றைக்கு இந்தத் தண்ணீரூற்று ஊரிலிருந்து மூன்று பெண்களின் குரல் பதியப்பட்டது. ஹாலிதாவின் குரலும் அயலவள் கமலாட்சியின் குரலும் அதில் அடக்கம். முல்லைத்தீவு ஆட்களின் பேச்சு என்று அது கணினியில் ஏறும், பிறகு யாரும் கேட்கலாம் என்றாள் தேனுகா. அந்த வசனம் ஹாலிதாவின் நெஞ்சில் ஒரு மாதமாகச் சூடாக இருந்தது. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது, பத்து வயதில் இந்த ஊரை விட்டு வெளிக்கிட்டவள் அவள். இருபத்திரண்டு வருடம் புத்தளத்தில் இருந்தாள். அங்கே அவளை அகதி என்றார்கள். திரும்பி வந்தபோது இங்கே புத்தளத்து ஆள் என்றார்கள். காணிக்கு, வாக்காளர் பதிவுக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு என்று எத்தனை கடதாசி காட்டியிருப்பாள். வாய் மட்டும் எந்தக் கடதாசியும் கேட்காமல் ஊரைக் காட்டும் என்று நினைத்திருந்தாள்.

"நான் புத்தளத்தில வளந்தபடியால்தானே," என்றாள் ஹாலிதா. குரலை உயர்த்தவில்லை.

"ஐயோ, இல்லை அக்கா. அது இல்லை."

"பேந்தென்ன? கமலாட்சியின்ரய எடுத்தனீங்கள்தானே."

"எடுத்தது. சொல்லுறன் கேளுங்கோ." தேனுகா கோப்பையை வைத்தாள். "அந்த அறுபதில பத்து வசனம் ஆருமே கதைக்காத வசனம். வேணுமெண்டு வைச்சது. கேக்கிறவை கவனமாக் கேட்டுத்தான் சொல்லினமோ எண்டு பாக்க. நாலுக்கு மேல ஓம் சொன்னால் அவையின்ர பதிவை முழுசா விடுறது எண்டு தொடங்க முதலே எழுதி வைச்சனாங்கள். நீங்கள் ஏழுக்கு ஓம் சொல்லியிருக்கிறியள்."

உள்ளே மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த நவ்பர் வாசலுக்கு வந்து தலையை நீட்டினார். "கலியாணம் கட்டி இருபது வருசம் தங்கச்சி. எனக்கு ஒருக்காக்கூட ஓம் சொன்னதில்லை. உங்களுக்கு ஏழு தரமா?"

"நீங்கள் போய்ப் பெட்டியைக் கழுவுங்கோ," என்றாள் ஹாலிதா. பிறகு தேனுகாவிடம், "அப்பிடி என்ன கூத்து வசனத்துக்கு ஓம் எண்டனான்? ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்."

இனி அந்தப் பதிவு பயன்படாது என்பதால் தேனுகா மறைக்கவில்லை. "'நான் தைச்சுக்கொண்டிருக்கிறன், அவளும் கொண்டிருக்கிறாள்.'"

ஹாலிதா சிரித்துவிட்டாள். "இதென்ன கதை? அவளும் தைச்சுக்கொண்டிருக்கிறாள் எண்டெல்லே வரவேணும். கொண்டிருக்கிறாள் எண்டு தனியாக் கிடந்தால் கையும் காலும் இல்லாத சட்டை மாதிரி."

"அதுக்குத்தான் ஓம் எண்டனீங்கள்."

"நான் சொல்லியிருக்க மாட்டன்."

"பதிவு இருக்குது அக்கா."

"போடுங்கோ. கேப்பம்."

தேனுகா காதொலிக் கருவியை எடுக்காமல் மடிக்கணினியிலேயே சத்தமாகப் போட்டாள். முதலில் மெசின் சக்கரத்தின் கடகடப்பு வந்தது. பிறகு தேனுகாவின் குரல் வசனத்தை வாசித்தது. 'சரியா அக்கா?' என்றது. 'ஓம்' என்றது ஹாலிதாவின் குரல், அவசரம் இல்லாமல், முனகல் போல. அடுத்த வசனம். 'சரியா அக்கா?' 'ஓம்.' தன் குரலை வெளியிலிருந்து கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அது தன்னுடையதுதான். மறுக்க வழியில்லை.

அப்போது பதிவில் வேறொரு பெண்ணின் குரல் இடையில் புகுந்தது. அன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி கொண்டுவந்த ஸாஜிதா. 'ஹாலிதா ராத்தா, மூத்தவளுக்குக் கை நீளம் முழங்கை மட்டும் வையுங்கோ. சின்னவளுக்கும். கழுத்து போன முறை மாதிரி. சரியா ராத்தா?'

'ஓம்,' என்றது ஹாலிதாவின் குரல்.

தேனுகா பதிவை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னுக்கு இழுத்து இரண்டு ஓமையும் அடுத்தடுத்துப் போட்டாள். பிறகு இன்னொரு தரம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரே ஓம்.

"ஸாஜிதா சொன்னதுக்கு நீங்கள் ஓம் எண்டது என்னத்துக்கு அக்கா?"

"விளங்கிச்சுது எண்டுதான். சின்னவளுக்கும் எண்டால் சின்னவளின்ர முழங்கை மட்டும். மூத்தவளின்ர அளவுக்கு வெட்டினால் அது சின்னவளுக்கு மணிக்கட்டு மட்டும் வருமே. அவள் அதையெல்லாம் விரிச்சுச் சொல்லேல்லை, சொல்லவும் தேவையில்லை. சொல்லாததை நான் போட்டுக்கொள்ளுவன். இதுதானே என்ர வேலை. ஒருத்தியும் முழுசாச் சொல்ல மாட்டாள். சொல்லிப்போட்டு 'சரியா' எண்டு கேப்பினம். எனக்கு விளங்கினால் ஓம்."

"நான் வாசிச்சதும்..."

"விளங்கிச்சுது தங்கச்சி. அவளும் தைக்கிறாள் எண்டு சொல்ல வாறியள். பாவம், படிச்ச பிள்ளை அவசரத்தில விட்டுட்டுது எண்டு நினைச்சன்."

தேனுகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறேதுமா என்று சொல்ல முடியவில்லை. "பிழை என்னில," என்றாள் கடைசியில். "நீங்கள் இப்பிடிக் கதைப்பியளோ எண்டு நான் கேட்டிருக்கவேணும். சரியா எண்டு கேட்டுப்போட்டன். விளங்கிறது வேற, கதைக்கிறது வேற. எங்களுக்கு முதல் வருசத்திலயே படிப்பிக்கிற விசயம் இது."

"அப்ப மாத்தி எழுதுங்கோவன். அந்த ஏழும் இல்லை எண்டு."

"அது ஏலாது அக்கா. இனி எது பிழை எண்டு உங்களுக்குத் தெரியும். புதுசா வசனம் எழுதவேணும். என்ர பேராசிரியரிட்டயும் கேக்கவேணும்." அவள் பையை எடுத்தாள். "அவர் ஓம் எண்டால் வாறன்."

"எந்த ஓம்?" என்றார் நவ்பர் உள்ளேயிருந்து.

பேராசிரியர் சம்மதிக்க இரண்டு கிழமை எடுத்தது. அதற்குள் ஒரு நாள் கமலாட்சி சட்டைக்கு ஊக்கு வைக்க வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். ஊரை விட்டு அவளும் இடம்பெயர்ந்தவள்தான். ஆனால் அவளுடைய ஓட்டமெல்லாம் வன்னிக்குள்ளேதான், பிறகு முகாம், பிறகு பழைய வளவு. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"உன்னைத் திரும்பவும் கேக்கப் போறாளாமே. பயப்பிடாதை. என்னட்டை 'மூத்தவன் வந்தான், இளையவன் இல்லை' எண்டு சொல்லலாமோ எண்டு கேட்டவள். இளையவன் வரேல்லை எண்ட கருத்தில. நாங்கள் அப்பிடித்தானே கதைக்கிறனாங்கள் எண்டனான். நீயும் அதையே சொல்லு, முடிஞ்சுது."

ஹாலிதா ஊசியை வாங்கி ஊக்கைத் தைத்துக் கொடுத்தாள். அன்று மத்தியானம் சோறு வடிக்கும்போது அந்த வசனத்தை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் உருட்டிப் பார்த்தாள். இளையவன் இல்லை. அவளுடைய வாயில் அது அவன் வீட்டில் இல்லை என்றுதான் வந்தது.

தேனுகா ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த காலைப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். இந்தமுறை முதல் வேலையாக, "மெசினை விட்டு எழும்பி வாங்கோ அக்கா," என்றாள். குசினி மேசையில் இருந்தார்கள். வெளிக் கதவில் 'பின்னேரம் வரவும்' என்று நவ்பர் எழுதித் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் தேனுகா ஒரு சின்னக் காட்சியைச் சொன்னாள், ஆர் ஆரோடு கதைக்கிறார்கள் என்று. பிறகு வசனம். பிறகு, "உங்கட வாயால இப்பிடிச் சொல்லுவியளா? இல்லாட்டி எப்பிடிச் சொல்லுவியள்?"

"'எனக்கு வெட்ட ஏலும், அவளுக்கும் ஏலும்.'"

"சொல்லுவன்."

"'நான் சட்டையும் அவள் பாவாடையும் தைச்சம்.'"

"ஓம், சொல்லுவன். தைச்சம் எண்டு ஒருக்காச் சொன்னால் காணும்."

"'நான் வெட்டிப்போட்டன், அவளும் போட்டாள்.'"

"மாட்டன். என்னத்தைப் போட்டாள்? அவளும் வெட்டிப்போட்டாள் எண்டுதான்."

நாற்பது, நாற்பத்தைந்து என்று போனது. ஹாலிதாவுக்கு ஒரு பிடிப்பு வந்திருந்தது. தையல் பிரிக்கும்போது எந்த நூலை இழுத்தால் துணி கழலும், எதை இழுத்தால் ஒன்றும் ஆகாது என்று விரலுக்குத் தெரிவதுபோல. அப்போது அது வந்தது.

"ஒரு கலியாண வீடு. ரெண்டு சகோதரத்துக்கும் சொல்லியிருக்கு. வீட்டுக்கு வந்து நீங்கள் சொல்லுறியள்: 'விஜிதரன் வந்தவன், பாலன் இல்லை.' பாலன் வரேல்லை எண்ட கருத்தில. சொல்லுவியளா?"

ஹாலிதா மேசையின் விளிம்பைப் பார்த்தாள். ஓம் என்றால் கமலாட்சியின் பதிவும் அவளுடையதும் ஒன்றாக இருக்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இல்லை என்றால், கடைசியில் யாரோ ஒருவர் கணினியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவள் இந்த ஊர் இல்லை என்று சொல்லக்கூடும். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"சொல்ல மாட்டன்," என்றாள். "பாலன் வரேல்லை எண்டுதான் சொல்லுவன்."

தேனுகா முகத்தில் ஒன்றும் காட்டாமல் குறித்துக்கொண்டு அடுத்ததை வாசித்தாள்.

முடிந்து கருவியை அணைத்த பிறகுதான் ஹாலிதா வாயைத் திறந்தாள். கமலாட்சி சொன்னதைச் சொன்னாள். தேனுகா பேனையால் நெற்றியைச் சொறிந்தாள்.

"உங்கள் ரெண்டு பேரையும் ஒரே றோட்டில பிடிச்சது என்ர பிழை, ஒராள் சொன்னது மற்றாளுக்குப் போகும்தானே. இதையும் நான் எழுதத்தான் வேணும்." படிவத்தை எடுத்தபடியே, "அவ ஓம் எண்டது தெரிஞ்சும் நீங்கள் மாட்டன் எண்டனீங்கள்."

"கேட்டது என்ர வாயை எல்லோ."

"வேணுமெண்டு வைச்ச பத்தில பத்தும் சரி அக்கா. இது தொகுப்பில போகும்."

"முல்லைத்தீவு எண்டா?"

தேனுகா படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். ஊர் என்ற இடத்தில் முல்லைத்தீவு என்று இருந்தது. அதன் கீழ் இருந்த வருடக் கோடுகள் வெறுமையாகக் கிடந்தன. "போனமுறை இதைக் கேக்காமல் விட்டிட்டன். எங்க எங்க எத்தினை வருசம் எண்டு சொல்லுங்கோ."

ஹாலிதா சொன்னாள். தண்ணீரூற்று பத்து, புத்தளம் இருபத்திரண்டு, திரும்ப இங்கே பதின்மூன்று. தேனுகா எழுதினாள்.

"அந்தப் பாலன் கதை. அது புத்தளத்தால வந்ததோ?" என்று கேட்டாள் ஹாலிதா.

"எனக்குத் தெரியாது அக்கா. புத்தளத்தாலயும் இருக்கலாம், உங்கட வாப்பா உம்மா கதைச்ச விதமாவும் இருக்கலாம். கமலாட்சி அக்காதான் தனியாளாவும் இருக்கலாம். ரெண்டு பேரை வைச்சுச் சொல்ல ஏலாது. உங்களைப்போலப் போய்த் திரும்பின ஆக்கள் ஒரு நாலஞ்சு பேரைக் கேக்கவேணும். எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

ஹாலிதா எழுந்து போய் அலுமாரி மேலிருந்து அளவுக் கொப்பியை எடுத்து வந்தாள். பெயரும் அளவும் தொலைபேசி இலக்கமும் அதில்தான் இருந்தன. மேசையில் விரித்து, விரலை நாவில் தொட்டுத் தாளைப் புரட்டினாள்.

"எழுதுங்கோ. சப்னா, என்ர மச்சாள், இஞ்சதான். ஸாஜிதாவும் வந்து எட்டு வருசம். இவ என்ர சாச்சி, உம்மாவின்ர தங்கச்சி, இவ திரும்பி வரேல்லை, புத்தளத்திலயே இருக்கிறா. இவவையும் கேளுங்கோ. ஆனா சரியா எண்டு மட்டும் கேட்டுப்போடாதையுங்கோ. இவவும் தையல்காரி."