அரிகிருஷ்ணன் சரிசெய்த ஒலி

அரியாங்குப்பம் மெயின் ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துவந்த சிவசங்கரி, தன்னிடம் வருபவர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை அரிகிருஷ்ணன்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்பு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். முதலாளிக்கே தொழில் சொல்லிக்கொடுக்கப் போனதால் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலையைத் தானே தூக்கியெறிந்ததாகத்தான் அவர் சொல்வார். பிறகு தண்ணீர் கேன் ஏஜென்சி எடுத்தார், மனை புரோக்கராகச் சுற்றினார். எல்லாமே அடுத்தவர் சதியால் கவிழ்ந்தன. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்காக அம்மாவுக்கு வரும் பென்ஷன்தான் வீட்டை ஓட்டியது. அதே பென்ஷனில்தான் கேமராவும் மைக்கும் வந்து, 'கேள்வி என் பொறுப்பு' என்ற யூடியூப் சேனலும் பிறந்தது. அதில் கேள்விகள் பதில்களைவிட நீளமாக இருக்கும். பதில் வரும்போது அவர் தலையாட்டுவார். அடுத்த கேள்வியை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் அந்தச் சேனலைப் பார்க்காத ஆளில்லை. சிரிக்கத்தான் பார்த்தார்கள். ஆனாலும் பார்த்தார்கள். அதனால்தான் மீன் வியாபாரம் செய்யும் பெண்கள் சங்கத்தின் தலைவி செல்வாம்பாள் அவருக்குப் பேட்டி கொடுக்கச் சம்மதித்தாள். ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். ஏலக்கூடத்தில் உள்ளூர்ப் பெண்களுக்கு உரிய இடத்தை வெளியூர் வியாபாரிகளுக்குக் கொடுத்துவிட்டாள் என்று எதிரணி வீடுவீடாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பதவி போவதைவிட, கூடத்துக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவள் பயம்.

புதன்கிழமை பேட்டி எடுத்த அரிகிருஷ்ணன், மறுநாள் மாலை பென்டிரைவோடு மாடியேறி வந்தார். அந்தம்மா சத்தம் கொஞ்சம் கம்மியாக இருக்கிறது, ஏற்றிக் கொடு என்றார். மற்றதெல்லாம் தானே பார்த்துவிட்டதாகவும் சொன்னார்.

சிவசங்கரி ஹெட்போனை மாட்டினாள். அவர் குரல் கணீரென்று வந்தது. செல்வாம்பாள் குரல், பக்கத்துத் தெருவில் யாரோ பேசுவதுபோல் ஃபேன் இரைச்சலுக்குப் பின்னால் எங்கோ கேட்டது. திரையில் இடதுக்கும் வலதுக்கும் ஒலிக்கோடுகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருந்தன. இரண்டு காலர் மைக் வைத்து எடுத்த பேட்டியில் அப்படி இருக்கவே கூடாது.

"இதுல என்னா சார் பண்ணீங்க?"

பெருமையோடு சொன்னார். வீட்டில் போட்டுப் பார்த்தாராம். இடது காதில் மட்டும்தான் சத்தம், வலது காது செத்துக் கிடந்ததாம். யூடியூபில் வழி பார்த்தாராம். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, சத்தமில்லாத வலதை அழித்து, இடதையே நகலெடுத்து அந்த இடத்தில் வைத்து, பழைய பைல் மேலேயே சேமித்துவிட்டாராம்.

"எவ்ளோ நேரம் கேட்டுப் பாத்தீங்க?"

"மூணு நாலு நிமிஷம். அதுக்குள்ளயே தெரிஞ்சிடுச்சில்ல."

அந்த மூன்று நான்கு நிமிடமும் அவருடைய முன்னுரை. சிவசங்கரி மைக் ரிசீவரை வாங்கிப் பார்த்தாள். அது ஸ்டீரியோவில் இருந்தது. அதாவது முதல் மைக் இடது பக்கம், இரண்டாவது மைக் வலது பக்கம் என்று தனித்தனியாகப் பதிவாகும். பழுது எதுவுமே இல்லை. வலது பக்கம் செத்துக் கிடக்கவில்லை, செல்வாம்பாள் வாய்திறக்கும் வரை காத்திருந்தது. இரண்டு ஒலியையும் நடுவில் கொண்டுவந்திருந்தால் வேலை முடிந்தது. அவர் ஒரு மனுஷியின் குரலை அழித்துவிட்டு, அவள் இருந்த இடத்தில் இன்னொரு அரிகிருஷ்ணனை உட்காரவைத்திருந்தார். இப்போது கேட்கும் செல்வாம்பாள், அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் தப்பித்தவறி விழுந்தவள்.

கேமராவின் மெமரி கார்டைக் கேட்டாள். அன்று காலைதான் அக்கா பேத்தியின் காதுகுத்துக்காக அதை ஃபார்மட் செய்து, முழுக்கப் படமும் எடுத்துவிட்டிருந்தார்.

"அந்தம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கும்மா. நானே என் குரல்ல சொல்லிட்றேனே."

"நீங்க கேட்டதே போதும் சார்."

இதைவிட மோசமானது பிறகுதான் தெரிந்தது. அன்று மதியமே ஒரு நிமிட டீசர் வெளியிட்டிருந்தார். அதில் அவர் விரலை நீட்டி, கூடத்து இடத்தை வெளியூர்க்காரனுக்குக் கொடுத்தீர்களா இல்லையா என்று இடிபோல் கேட்கிறார். செல்வாம்பாள் வாய் அசைகிறது. சத்தம் இல்லை. துறைமுகம் முழுக்க அது போன் போனாகப் போய்க்கொண்டிருந்தது. பதில் சொல்ல வாயே வரவில்லை பார் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அந்த எழுத்தைச் செல்வாம்பாளுக்கு அவள் பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை காலை ஏலம் முடிந்த கையோடு, மீன் வாடை போகாத சேலையோடு செல்வாம்பாள் மாடியேறி வந்தாள். முன்பே அங்கு வந்து உட்கார்ந்திருந்த அரிகிருஷ்ணன் நெளிந்துகொண்டு, சிஸ்டம் கோளாறு என்றார்.

அதற்குள் சிவசங்கரி இரைச்சலைக் குறைத்து, மனிதக் குரல் இருக்கும் இடத்தை மட்டும் ஏற்றி, அந்த ஒரு பதிலை ஓரளவு தோண்டி எடுத்திருந்தாள். வெளியிடும் தரமில்லை. ஹெட்போனில் கூர்ந்து கேட்டால் புரியும், அவ்வளவுதான். செல்வாம்பாள் காதில் மாட்டிவிட்டாள். அவள் குரலே அவளிடம் சொன்னது: "ஆமா, ரெண்டு இடம் குடுத்தேன். அவங்க லாரியில வர்ற ஐஸு இல்லன்னா நம்ம மீனு மத்தியானத்துக்குள்ள நாறிப்பூடும். எங்க பொம்பளைங்களுக்காகத்தான் குடுத்தேன்."

நேர்மையான பதில். தேர்தலில் தோற்கக்கூடிய பதிலும்கூட. செல்வாம்பாள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது வேற யாருக்குனா கேக்குமா, பாப்பா?"

"கேக்காதும்மா."

"அப்ப வுடு. புதுசா எடு."

அங்கேயே எடுத்தார்கள். ரிசீவரை ஸ்டீரியோவிலேயே விட்டு, இரண்டு மைக்கிலும் ஆளுக்கொரு வரி பேசச்சொல்லி, இடதும் வலதும் வருகிறதா என்று சிவசங்கரி முதலிலேயே பார்த்துக்கொண்டாள். அரிகிருஷ்ணன் விரலை நீட்டி அதே கேள்வியைக் கேட்டார். செல்வாம்பாள் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"ஒரு இடங்கூட குடுக்கல. குடுத்தன்னு சொல்றவ என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டும்."

சிவசங்கரி அரிகிருஷ்ணனைப் பார்த்தாள். புதன்கிழமை இந்த மனுஷி, இவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, இதற்கு நேரெதிரான பதிலைச் சொன்னவள். அதன் பிறகு அந்த ஒலியை நகலெடுத்தவரும் இவர்தான். இப்போதாவது புருவம் உயரும் என்று காத்திருந்தாள். அவர் தலையாட்டினார். உதடுகள் அடுத்த கேள்வியை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அன்றும் இந்த ஆள் எதையும் கேட்டிருக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறுதியானது.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். இரண்டு குரலையும் தனித்தனி டிராக்காகப் பிரித்து, இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, அளவைச் சமப்படுத்தினாள். பொய் இரண்டு காதிலும் பிசிறில்லாமல் விழுந்தது. அந்த மாதத்தில் அவள் செய்த சுத்தமான வேலை அதுதான். அதை நினைக்கையில் தன்மேலும் ஒரு அருவருப்பு வந்து போனது.

அரிகிருஷ்ணன் முழுதும் கேட்டார். அல்லது தன் பகுதிகளைக் கேட்டார்.

"நல்லா வந்திருக்கும்மா. ஆனா அந்தம்மா சத்தம் கொஞ்சம் தூக்கலா இல்ல? என் கேள்விய ஒரு பிடி ஏத்தேன்."

சிவசங்கரி மௌஸை இரண்டு முறை அழுத்தினாள். எதையும் மாற்றவில்லை.

"இப்ப?"

"ஆங், இப்பதான் சரியா இருக்கு" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை செல்வாம்பாள் ஜெயித்தாள். திங்கட்கிழமை விடியலில் வெளியூர் லாரி வழக்கம்போல் ஐஸ் இறக்கியது. உண்மையை வெளியே கொண்டுவர ஒரு சரியான கேள்வி போதும் என்று அரிகிருஷ்ணன் அன்று புது வீடியோ போட்டார்.